ஆட்டுப்பாலும் விட்டுவிட்டு வரும் ஜுரமும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் காட்டில், மானாவாரி வெள்ளாமை பொய்த்துப்போன வருஷத்திலும் குடும்பத்தைத் தாங்கி நிற்பது வெள்ளாடே. அதன் பால் விலைக்குப் போவது குறைவு. பெரும்பாலும் வீட்டிலேயே செலவாகிறது. பசும்பாலைக் காய்ச்சாமல் அருந்த மனம் ஒப்பாதவர்களிலும், ஆட்டுப்பால் மட்டும் பச்சையாய் இருந்தால்தான் மருந்தாகும் என்று நம்பி, கறந்த சூடு ஆறுமுன் குழந்தைக்குப் புகட்டுவாரும், மேய்ச்சற் காட்டிலேயே பீய்ச்சிக் குடிப்பாரும் உண்டு. இந்த நம்பிக்கையினால் விளையக்கூடிய துன்பம் பெரிது. அதைத் தவிர்க்கும் வழியோ மிகவும் எளிது.

மத்தியதரைக் கடலிலுள்ள மால்டா தீவில், ஆங்கிலேயச் சிப்பாய்களை மாதக்கணக்கில் படுக்கையில் தள்ளிய ஒரு ஜுரத்தின் கிருமியை 1887-ஆம் ஆண்டில் டேவிட் புரூஸ் என்னும் ராணுவ வைத்தியர் கண்டுபிடித்தார். ஆயினும் அது மனிதனை அடையும் மார்க்கம் மேலும் பதினெட்டு ஆண்டுகள் விளங்கவில்லை. 1905-இல் தெமிஸ்டாக்ளிஸ் ஸாமிட் என்னும் அத்தீவு வைத்தியர் வெள்ளாடுகளின் இரத்தத்தைச் சோதித்தபோதுதான், நோயின் குறி சிறிதுமின்றிக் கொழுத்துத் திரிந்த ஆடுகளே அக்கிருமியைச் சுமந்து, பாலிலும் விடுத்து வந்தமை வெளிப்பட்டது. மறு ஆண்டு சிப்பாய்களுக்குக் காய்ச்சாத ஆட்டுப்பால் விலக்கப்பட்டதும் பாசறைகளில் ஜுரம் வெகுவாகத் தணிந்தது. பச்சைப்பாலைக் கைவிடாத ஊர் ஜனங்களிடையே அது நீடித்தது.

புரூஸெல்லா என்று பெயர்பெற்ற அக்கிருமியால் வரும் வியாதியையே நம் கால்நடை மருத்துவர்கள் கன்றுவீச்சு நோய் என்கின்றனர். சினையாடு நாள் நிறையுமுன் குட்டியை வீசிவிடுவதும், நஞ்சுக்கொடி விழாமல் தங்குவதும் அதன் முக்கிய அடையாளங்கள். ஒருமுறை வீசிய ஆடு அடுத்த ஈற்றில் ஒழுங்காகக் குட்டி போட்டாலும் அதன் பாலில் கிருமி தொடர்ந்து வரக்கூடும். வீசிய குட்டியையும் கொடியையும் வெறுங்கையால் எடுப்பதும் பாலைப் போன்றே அபாயமானது. கையுறையோ பாலிதீன் பையோ மாட்டிக்கொண்டு எடுத்து, சுண்ணாம்பு தூவி ஆழப் புதைத்தல் வேண்டும். 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இந்நோய்க்கான தடுப்பூசி நான்கு முதல் எட்டு மாதம் வரையுள்ள கிடேரிக் கன்றுகளுக்குப் போடப்படுகிறது; வெள்ளாடு அதில் சேரவில்லையாதலால், ஆட்டுப்பாலுக்கு அடுப்பே காவல்.

இனி, காய்ச்சும் முறையைக் கவனிப்போம். பால் மேலெழும்பிப் பொங்கும் கணத்தைக் கொதிநிலை என்று கொள்வது பலரது வழக்கம். மேலே படர்ந்த ஆடையின் கீழ் ஆவி சிக்கிக்கொள்வதால், பால் முழுவதும் ஒரே சூட்டை அடையுமுன்னரே அது பொங்கிவிடும். ஆகையால் அடிகனத்த பாத்திரத்தில், அடிமுதல் கரண்டியால் துழாவிக்கொண்டே காய்ச்சி, பொங்கும்போது தணலைத் தணித்து, மேலும் ஓரிரு நிமிஷம் தளதளவென்று கொதிக்கவிட்டால், புரூஸெல்லா மட்டுமன்றி, மாட்டுக் காசநோய்க் கிருமியும், க்யூ ஜுரத்தின் கிருமியும் மாண்டுபோகும். பாஸ்டர் முறையை விரும்புவோர், தண்ணீர்ப் பாத்திரத்துள் பால் பாத்திரத்தை வைத்து, வெப்பமானி 63 டிகிரிக்குக் குறையாது காட்டும்படி, மூடிவைத்து இடையிடையே கிளறி, முப்பது நிமிஷம் காக்கவேண்டும். வெப்பமானி இல்லாத வீட்டில் இதை முயலாமல் கொதிக்க வைப்பதே நலம். எம்முறையாயினும், பச்சைப்பால் அளந்த உழக்கையே காய்ச்சிய பாலில் விட்டால், பட்ட பாடெல்லாம் வீணாகும். காய்ச்சிய பாலில் தோய்த்த தயிருக்கு அச்சமில்லை. பச்சைப்பாலைப் புளிக்கவைத்தால் மட்டும் கிருமி சாகும் என்று நம்புவதற்கில்லை.

கோமாரியும் தோல்கழலையும் கண்ட மாட்டின் பாலைக் கண்டு பலர் நடுங்குகின்றனர். அந்நோய்கள் காய்ச்சிய பால்வழி மனிதரைத் தொற்றுவதில்லை. அதனினும் அஞ்சத்தக்கது, பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் தின்ற மாட்டின் பாலில் இறங்கும் விஷம். அதை எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போக்க இயலாது. மடிநோய் கண்ட பால் வெயிலில் நெடுநேரம் இருந்து ஊறிய விஷமும் அத்தகையதே.

ஆடு வளர்ப்பவருக்கு வாரக்கணக்கில் விட்டுவிட்டு ஜுரம் அடித்து, இரவில் வியர்த்து, இடுப்பும் மூட்டும் வலித்தால், அதை டைபாய்டு என்றே கருதிக் காலம் கடத்துவது உண்டு. வீட்டில் ஆடு இருப்பதையும், அது குட்டி வீசியதையும், பச்சைப்பால் குடித்ததையும் வைத்தியரிடம் தாமே முதலில் சொல்லிவிட்டால், அவர் உரிய இரத்தப் பரிசோதனைக்கு எழுதுவார். மருந்து பெரும்பாலும் இரண்டு வகையாக, ஆறு வாரம் வரை உட்கொள்ளவேண்டியது. ஜுரம் முதல் வாரத்திலேயே நின்றுவிட்டது என்று நிறுத்தியவர்களுக்கு அது திரும்பவும் வருகிறது.