வெறிச்சோடிய வானத்தில் ஏழு கொக்குகள்: ஓவியத்தில் பறவைக் கூட்டத்தை எங்கே, எவ்வளவு பெரிதாக வைப்பது?

ஏ4 தாளைப் படுக்கையாக வைத்து ஒரு வாட்டர்கலர் ஓவியம். கீழே வயல், வலப்பக்கம் நெடுநெடுவென ஒரு தென்னை, மேலே அந்தி வெளிச்சம். தென்னையின் ஓலைகள் அழகாக விழுந்திருக்கின்றன, வயலின் பச்சையும் சரியாக வந்திருக்கிறது. ஆனாலும் சுவரில் மாட்டிப் பார்த்தால், படம் வலப்பக்கமாகச் சாய்ந்து நிற்பதுபோலத் தோன்றும். இடப்பக்க வானம் முழுக்கக் காலி என்பதுதான் காரணம்.

பெரும்பாலானவர்கள் அந்த இடத்தில் கை போன போக்கில் நான்கைந்து 'M' போட்டுவிடுவார்கள். அங்கேதான் படம் கெடும். வாட்டர்கலரில் அடர்த்தியான நிறத்தைத் தீட்டிவிட்டால் திரும்ப எடுப்பது கடினம். இரண்டு மூன்று நாள் உழைப்பை இரண்டு நிமிடத்தில் வைத்த பறவைகள் வீணடித்துவிடும்.

சின்னப் பறவை எப்படிப் பெரிய மரத்தைச் சமன் செய்யும்?

பழைய சந்தைகளில் இருந்த வெள்ளிக்கோலை நினைத்துப் பாருங்கள். பிடிக்கு அருகில் கனமான மூட்டை தொங்கும். தண்டின் மறுமுனைக்குத் தள்ளிவைத்த சின்ன எடை அதைத் தாங்கி நிற்கும். படத்திலும் ஏறக்குறைய இதே கதைதான். நடுவிலிருந்து தள்ளி, எதிர்ப்பக்க ஓரத்தை ஒட்டி, வெளிச்சமான வானத்தில் ஒரு கறுத்த சின்ன உருவம் இருந்தால் கண் அங்கே போய் நிற்கும். அது பறவை என்றால் இன்னும் சீக்கிரம் போகும். உயிருள்ளதைத்தான் கண் முதலில் தேடுகிறது. எனவே தென்னைக்கு ஈடாக இன்னொரு மரம் வேண்டியதில்லை. ஒரு சென்டிமீட்டர் அகலக் கொக்கு போதும்.

அந்த ஒரு சென்டிமீட்டர் எங்கிருந்து வந்தது? படத்தில் இருக்கும் தென்னையே அளவுகோல். நன்கு வளர்ந்த தென்னை 18 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தாளில் அது 9 சென்டிமீட்டர் உயரம் என்றால், மரம் நிற்கும் தூரத்தில் ஒரு மீட்டருக்கு 5 மில்லிமீட்டர். இறக்கையை விரித்த சின்னக் கொக்கு சுமார் ஒரு மீட்டர் அகலம் இருக்கும். ஆக, தென்னைக்குப் பக்கத்தில் பறக்கும் கொக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அதே இடத்தில் 2 சென்டிமீட்டருக்கு வரைந்தால் இறக்கை நான்கு மீட்டர் ஆகிவிடும். அப்படியொரு கொக்கு எந்த ஊர் வயலிலும் இறங்கியதில்லை!

இங்கே கணக்கு ஒன்றே ஒன்றுதான். தூரம் இரண்டு மடங்கானால் உருவம் பாதியாகும். தென்னை இருக்கும் தூரத்தில் பாதியில் பறப்பது 10 மில்லிமீட்டர். தென்னையைப் போல இரு மடங்கு தூரத்தில் பறப்பது இரண்டரை மில்லிமீட்டர். நான்கு மடங்கு தூரத்தில் அது ஒரு புள்ளி.

அளவு மட்டும் குறைந்தால் போதாது

பலர் தவறவிடும் இடம் இது. பறவைகளைச் சிறிதாக்கிக்கொண்டே போவார்கள். ஆனால் எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் வைப்பார்கள். பார்ப்பவருக்குக் கூட்டம் தொலைவுக்குப் போவதாகத் தெரியாது. பெரிய கொக்கும் குஞ்சுகளும் வரிசையாகப் பறப்பதாகத்தான் தெரியும். நம் கண்மட்டத்துக்கு மேலே ஒரே உயரத்தில் பறக்கும் கூட்டம் விலகிப்போகப் போக, அடிவானத்தை நோக்கி இறங்குவதுபோலத் தெரியும். ரயில் பாதையோரத்து மின்கம்பிகள் தொலைவில் தாழ்ந்துபோவதைப் பார்த்திருப்பீர்களே, அதே விதி.

நம் படத்திலேயே செய்து பார்க்கலாம். அடிவானக் கோடு தாளின் அடியிலிருந்து 7 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. தென்னை, இட ஓரத்திலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது. அதற்குச் சற்று முன்னால், 17 சென்டிமீட்டரில், அடிவானக் கோட்டின் மேல் பென்சிலால் லேசாக ஒரு புள்ளி வைக்க வேண்டும். கூட்டம் போய் மறையும் இடம் அதுதான். முதல் கொக்கு இட ஓரத்திலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி, அடிவானத்துக்கு மேலே 10 சென்டிமீட்டர் உயரத்தில். இறக்கை அகலம் 10 மில்லிமீட்டர். அங்கிருந்து புள்ளிக்கு ஸ்கேல் வைத்து, அழிக்கக்கூடிய மெல்லிய கோடு ஒன்று. கோட்டின் நடுவில், அதாவது அடிவானத்துக்கு மேலே 5 சென்டிமீட்டரில், வரும் கொக்குக்கு 5 மில்லிமீட்டர். இரண்டரை சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதற்கு இரண்டரை மில்லிமீட்டர். அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரமோ, அதில் பத்தில் ஒரு பங்கு இறக்கை. இந்த ஒன்றை ஞாபகம் வைத்தால் மீதிப் பறவைகளின் அளவு தானே வந்துவிடும்.

கோடு வழிகாட்டி மட்டும்தான். ஏழு பறவைகளையும் அதன் மேலேயே சம இடைவெளியில் உட்கார வைத்தால், துணி காயப்போடும் கொடியில் கிளிப் மாட்டியதுபோல ஆகிவிடும். முன்னால் இரண்டு நெருக்கமாக, கொஞ்சம் விலகி ஒன்று, நடுவில் மூன்று, கடைசியில் தனியாக ஒன்று என்று கோட்டின் இருபுறமும் சிதறினால்தான் கூட்டம். இடைவெளிகளும் தொலைவில் சுருங்க வேண்டும். போகும் திசையும் முக்கியம். கூட்டம் இட ஓரத்தைத் தாண்டி வெளியே பறந்தால், பார்ப்பவர் கண்ணையும் கூடவே படத்துக்கு வெளியே கூட்டிப்போய்விடும்.

கொக்கா, காகமா?

கொக்கு பறக்கும்போது கழுத்தை மடித்துக்கொள்ளும், கால்கள் பின்னால் நீளும். நீர்க்காகம் கழுத்தை நீட்டிக்கொண்டு பறக்கும். முதல் இரண்டு பறவைகளில் மட்டும் இந்த அடையாளத்தைக் காட்டினால் போதும். மற்றவற்றுக்கு இரண்டு கோடுகளே தாராளம். இறக்கைகளை மாற்றி மாற்றிப் போடுவது நல்லது. ஒன்றுக்கு மேலே தூக்கியபடி, ஒன்றுக்குத் தட்டையாக, ஒன்றுக்குக் கீழே இறங்கியபடி. தூக்கிய இறக்கை அகலத்தில் குறுகித் தெரியும் என்பதால், மேலே சொன்ன அளவுகள் முழுதாக விரித்த இறக்கைக்கு மட்டுமே.

வான் கோ 1890 ஜூலையில் வரைந்த 'காகங்களுடன் கோதுமை வயல்' ஓவியத்தில், காகங்கள் வெறும் கறுப்புத் தீற்றல்கள்தான். கண், அலகு எதுவும் கிடையாது. ஆனாலும் அவை காகங்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. (அதுதான் அவருடைய கடைசி ஓவியம் என்று பரவலாகச் சொல்லப்படுவது சரியல்ல.)

நிறத்துக்குத் தனிக் கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் வரும் சாம்பல், அந்தி வானத்தோடு ஒட்டிப்போகும். வெள்ளைக் கொக்கும் வெளிச்சமான வானத்துக்கு எதிரே நிழலுருவாகத்தான் தெரியும். தொலைவு கூடக் கூட தண்ணீர் சேர்த்து வெளிறச் செய்ய வேண்டும். கடைசிப் பறவையும் முதல் பறவை அளவுக்குக் கறுத்திருந்தால், தாளில் ஒட்டிய பூச்சி போல முன்னால் வந்து நிற்கும்.

பிரஷ்ஷைத் தொடும் முன்

வானம் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். புறங்கையைத் தாளில் வைத்தால் சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அதில் கொக்கு வைத்தால் பஞ்சுபோலப் பரவிவிடும். அதுவரை வேறொரு வேலை. கறுப்புத் தாளில் ஏழு பறவைகளை வெட்டி, படத்தின் மேல் பரப்பி, மொபைலில் போட்டோ எடுத்து, இடவலம் திருப்பிப் பார்க்கலாம். பழகிப்போன கண்ணுக்குத் தெரியாத சாய்வு திருப்பிய படத்தில் பளிச்சென்று தெரியும். ஏழு அதிகமாகத் தெரிந்தால் ஐந்தாக்கலாம். சில படங்களில் எல்லாப் பறவைகளையும் எடுத்துவிட்டால்தான் நன்றாக இருக்கும்; தனிமையையோ மழைக்கு முந்தைய இறுக்கத்தையோ சொல்லும் வானம் காலியாகவே இருக்கட்டும்.

வைப்பதென்று முடிவானால், ஒன்றாம் நம்பர் ரவுண்டு பிரஷ், தொலைவில் இருக்கும் சின்னதிலிருந்து தொடக்கம். கை தவறிப் பெரிதாகிவிட்டால், உடனே சுத்தமான ஈர பிரஷ்ஷால் தொட்டு டிஷ்யூவால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. மேலே வெள்ளை போஸ்டர் கலர் பூசி மறைக்க நினைத்தால், அந்தி வானத்தில் அந்தத் திட்டுதான் முதலில் கண்ணில் படும்.