உங்களுக்குத் தெரியுமா? நகைக்கடன் வட்டி: நாள் கணக்கா, மாதக் கணக்கா?

நகைக்கடன் ரசீதில் உள்ள வட்டித் தொகையை ஒரே ஒரு முறை வகுத்தால், அது எந்தக் கணக்கில் போடப்பட்டது என்று தெரிந்துவிடும்.

காலடிப்பேட்டையில் ஒருவர் ஆண்டுக்கு 12% வட்டியில் ரூ.73,000 நகைக்கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜூலை 3 அன்று அடகு வைத்து, செப்டம்பர் 3 அன்று மீட்கிறார்.

ஒரு நாள் வட்டி: 73,000 × 12 ÷ 100 ÷ 365 = ரூ.24

உண்மையான நாள்கள்: ஜூலையில் 28, ஆகஸ்டில் 31, செப்டம்பரில் 3, மொத்தம் 62. வட்டி ரூ.1,488.

30 நாள் மாதம்: மாதம் ரூ.730 வீதம் இரண்டு மாதத்துக்கு ரூ.1,460.

ரசீதில் உள்ள வட்டியை 24-ஆல் வகுங்கள். சரியாக 62 வந்தால் நாள் கணக்கு. 63 வந்தால் வைத்த நாள், மீட்ட நாள் இரண்டையும் சேர்த்திருக்கிறார்கள். 60.83 என்று பின்னமாக வந்தால் மாதக் கணக்கு.

இங்கே மாதக் கணக்கில் ரூ.28 மிச்சம். ஆனால் பிப்ரவரி 1 முதல் மார்ச் 1 வரை 28 நாள்தான் என்றால் நாள் கணக்கில் ரூ.672, மாதக் கணக்கிலோ ரூ.730.

மாத நடுவில் கடன் கொடுத்தாலும் அடைத்தாலும் முழு மாத வட்டி வாங்கும் பழக்கத்தை, 2024 ஏப்ரல் 29 சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி கண்டித்தது. கடன் நிலுவையில் இருந்த காலத்துக்கு மட்டுமே வட்டி வாங்க வேண்டும் என்பதே அதன் நிலைப்பாடு. கணக்கு ஒத்துவராவிட்டால் கடன் ஒப்பந்தத்தில் உள்ள வட்டி விதியைக் காட்டி, நாள்வாரிக் கணக்கை எழுத்தில் கேளுங்கள்.