முன்கதைக் காட்சி

முன்கதைக் காட்சி என்பது தொடரின் இரண்டாம் பகுதிக்கு முன் வரும் சிறு நினைவூட்டல் ஆகும். இது பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடியும். முதல் பகுதி முழுவதையும் இது சுருக்குவதில்லை. இரண்டாம் பகுதி புரியத் தேவையானவற்றை மட்டும் எடுக்கிறது.

எடுத்துக்காட்டாக, கொலை நடந்த வீட்டின் சாவி வேலையாளிடம் உள்ளது. இரண்டாம் பகுதியின் திருப்பம் அதுவே எனக் கொள்வோம். சாவியை அண்மைக் காட்சியாகக் காட்டினால் பார்வையாளர் ஊகித்துவிடுவர். முற்றிலும் விட்டால் திருப்பம் விளங்காது. ஆகவே, வேலையாள் கதவைத் திறந்து காவலரை உள்ளே விடும் காட்சியைச் சேர்த்து, அதன்மீது கொலை பற்றிய ஆய்வாளரின் வசனத்தை ஒலிக்கவிடலாம். கண் சாவியைப் பார்க்கும். கவனம் வசனத்தில் இருக்கும்.

முதல் பகுதியை மட்டும் பார்த்த ஒருவருக்கு இதைக் காட்டியபின் அவர் வேலையாளைச் சந்தேகித்தால், அக்காட்சியைக் குறைக்க வேண்டும்.