கேள்வியில் பாதியை மட்டும் படித்தால்

பிளஸ் ஒன் வேதியியலில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும்: மூவிணைய பியூட்டைல் புரோமைடு, நீர் கலந்த எத்தனாலில் நீர்த்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடுடன் வினைபுரிந்து ஆல்கஹால் தருகிறது, இது எஸ்.என்.1-ஆ, எஸ்.என்.2-ஆ? ஹைட்ராக்சைடைக் கண்டதும் பல மாணவர்கள், “வலுவான கருக்கவர் பொருள், ஆகவே எஸ்.என்.2” என்று எழுதிவிடுகிறார்கள். விடை தவறு. கேள்வியில் வினைபடு சேர்மமும் கரைப்பானும் கொடுக்கப்பட்டிருந்தும், அவை பார்வையில் படவில்லை.

எஸ்.என்.2-இல் கருக்கவர் பொருள் கார்பனைப் பின்புறமிருந்து தாக்க, அதே நொடியில் புரோமைடு வெளியேற வேண்டும். மூவிணைய கார்பனைச் சுற்றி மூன்று மெத்தில் தொகுதிகள் நெருக்கிக்கொண்டு நிற்பதால் பின்புறம் நுழைய இடமில்லை. ஆனால் அதே மூன்று தொகுதிகள், புரோமைடு முதலில் பிரிந்து போனால் உருவாகும் கார்பன் நேரயனியைத் தாங்கிப்பிடிக்கின்றன. அதனால் அது எஸ்.என்.1 வழியில் போகிறது. இதற்கு அடையாளம் வினைவேகம். ஹைட்ராக்சைடின் செறிவை இரட்டிப்பாக்கினால் மெத்தில் புரோமைடின் வினைவேகமும் இரட்டிப்பாகிறது. மூவிணைய சேர்மத்தில் அது ஏறக்குறைய மாறுவதில்லை. லண்டனில் 1930-களில் ஹியூஸும் இங்கோல்டும் இந்த இரு வழிகளையும் பிரித்தறிந்தது இத்தகைய வேக அளவீடுகளால்தான்.

ஆய்வகத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எத்தனாலில் கரைத்த வெள்ளி நைட்ரேட்டில் மூவிணைய பியூட்டைல் குளோரைடை விட்டால் உடனே வெண்ணிற வீழ்படிவு தோன்றும். நேர்ச்சங்கிலி கொண்ட 1-குளோரோபியூட்டேனுக்கோ சூடு வேண்டும். அசிட்டோனில் கரைத்த சோடியம் அயோடைடுக்கு மாறினால் கதை தலைகீழ். 1-குளோரோபியூட்டேன் இளஞ்சூட்டில் சோடியம் குளோரைடைப் படியவிடும். மூவிணைய சேர்மம் அசைந்துகொடுக்காது.

கரைப்பானின் பங்கு பலர் நினைப்பதைவிடப் பெரியது. மூவிணைய பியூட்டைல் குளோரைடு சுத்தமான எத்தனாலில் சிதையும் வேகத்தைவிடத் தண்ணீரில் ஏறத்தாழ 3 லட்சம் மடங்கு வேகமாகச் சிதைகிறது. பிரியும் அயனிகளைத் தண்ணீர் சூழ்ந்துகொண்டு நிலைப்படுத்துவதே காரணம். அதே தண்ணீர் கருக்கவர் அயனிகளையும் ஹைட்ரஜன் பிணைப்பால் சுற்றிக் கட்டிப்போடும். டைமெத்தில் சல்பாக்சைடு அப்படிக் கட்டுவதில்லை. அதில் அசைடு போன்ற அயனிகள் வெகுவாகச் சுறுசுறுப்படைகின்றன.

இரண்டு வழியும் திறந்திருக்கும் சேர்மங்களில்தான் இது தீர்ப்பை மாற்றும். ஒளிசுழற்றும் 1-குளோரோ-1-பீனைல்ஈத்தேனைத் தண்ணீர் மிகுந்த கரைசலில் விட்டால் பெரும்பாலும் ஒளிசுழற்றும் தன்மையற்ற கலவை மிஞ்சும். டைமெத்தில் சல்பாக்சைடில் சோடியம் அசைடுடன் வினைபுரிந்தால் கார்பனைச் சுற்றிய அமைப்பு தலைகீழாகும். இத்தகைய சேர்மத்தைக் கொடுத்துவிட்டுக் கரைப்பானைச் சொல்லாமல் வினைவழி கேட்டால், அங்கே பிழை வினாத்தாள் தயாரித்தவருடையது.