காஸ் புள்ளிகள்: ஒரு தகட்டை எத்தனை இடத்தில் கேட்டால் போதும்?

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில், எஃகுச் சுருள் ஏற்றிய டிரெய்லர்களை எந்நேரமும் பார்க்கலாம். அந்தச் சுருள்தான் தகடாக வெட்டப்பட்டு, டையில் அழுத்தப்பட்டு, கார் கதவாகவும் பானெட்டாகவும் ஆகிறது. இதில் ஒரு தொல்லை உண்டு. அழுத்தம் விலகியதும் தகடு கொஞ்சம் பின்வாங்கி நிமிரும். பிரஸ் ஷாப்பில் இதை ஸ்பிரிங் பேக் என்பார்கள். எவ்வளவு நிமிரும் என்று தெரிந்தால்தான் அதற்கேற்ப டையைக் கூடுதலாக வளைத்து வெட்ட முடியும். டை வெட்டிய பிறகு தெரிந்தால் செலவு. அதனால் முதலில் கணினியில் வளைத்துப் பார்க்கிறார்கள்.

இந்த மென்பொருள்களில், தகட்டின் தடிமன் வழியே எத்தனை புள்ளிகளில் கணக்குப் போடுவது என்று ஓர் எண் கொடுக்க வேண்டும். LS-DYNA-வில் அதன் பெயர் `NIP`. ஒன்றும் கொடுக்காவிட்டால் அது 2 என்று எடுத்துக்கொள்ளும். வெறும் இரண்டு புள்ளியில் ஒரு தகட்டின் உள்விவகாரம் எல்லாம் எப்படித் தெரியும்? தெரியும் என்பதற்கு அழகான காரணம் இருக்கிறது. சில சமயம் சுத்தமாகத் தெரியாது என்பதற்கும் அதே காரணம்தான். இந்தக் குறிப்பு அதைப் பற்றி.

முதலில் கணக்கு மட்டும். −1 முதல் 1 வரை ஒரு சார்பின் தொகையீடு வேண்டும். பள்ளியில் படித்த சரிவக விதி இரண்டு முனைகளிலும் மதிப்பெடுத்துக் கூட்டும். நேர்கோடாக இருந்தால் சரியாக வரும். x² கொடுத்தால் 1 + 1 = 2 என்கும், உண்மையான விடையோ 2/3. மூன்று மடங்கு! தப்பு புள்ளிகளின் எண்ணிக்கையில் இல்லை, நாம் நின்ற இடத்தில் இருக்கிறது. முனையில் நிற்பதற்குப் பதில் கொஞ்சம் உள்ளே தள்ளி, ±a என்ற இடத்தில் நின்றால் கூட்டுத்தொகை 2a². அது 2/3 ஆக வேண்டுமென்றால் a² = 1/3, அதாவது a = 0.577. அவ்வளவுதான், இருபடி சரியாகிவிட்டது. x³-க்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றையொன்று அடித்துவிடுவதால் அதுவும் இலவசமாகச் சரி. இரண்டே மதிப்பில் எந்த முப்படிக் கோவையும் துல்லியம்.

இதை எத்தனை புள்ளிக்கும் பொதுவாகச் செய்யலாம் என்று காஸ் 1814-இல் காட்டினார். பின்னர் 1826-இல் யாகோபி அதை எளிமையாக்கினார். யாகோபியின் வழி எனக்குப் பிடித்தது. ஏனென்றால் அதற்கு எட்டாம் வகுப்பு வகுத்தல் போதும். ஏதாவது ஒரு முப்படிக் கோவையை எடுத்து x² − 1/3-ஆல் வகுங்கள். ஈவு ஒருபடி, மீதியும் ஒருபடி.

f(x) = q(x)·(x² − 1/3) + r(x)

இப்போது x² − 1/3-க்கு ஒரு விசேஷ குணம் உண்டு. அதை 1-ஆல் பெருக்கித் தொகையிட்டாலும் பூஜ்யம், x-ஆல் பெருக்கித் தொகையிட்டாலும் பூஜ்யம். ஆகவே எந்த ஒருபடி q-வுக்கும் முதல் உறுப்பின் தொகையீடு பூஜ்யம். f-இன் மொத்தத் தொகையீடும் மீதியான r-இன் தொகையீடும் ஒன்றுதான். இன்னொரு பக்கம், நாம் மதிப்பெடுக்கும் ±0.577-இல் x² − 1/3 தானே பூஜ்யமாகிவிடுகிறது. அங்கே f-இன் மதிப்பும் r-இன் மதிப்பும் ஒன்றுதான். அதாவது f-ஐக் கேட்பதாக நினைத்துக்கொண்டு நாம் உண்மையில் r-ஐத்தான் கேட்கிறோம், r ஒரு நேர்கோடு, நேர்கோட்டைப் பிடிக்க இரண்டு புள்ளி தாராளம்.

n புள்ளிக்கும் இதே கதைதான். தன்னைவிடக் குறைந்த படியுள்ள எல்லாக் கோவைகளோடும் பெருக்கித் தொகையிட்டால் பூஜ்யம் தருகிற n படிக் கோவைக்கு லெஜாந்தர் கோவை என்று பெயர். அதன் மூலங்கள்தான் காஸ் புள்ளிகள். ஈவுக்கு n − 1 படி, வகுத்திக்கு n படி, ஆக 2n − 1 படி வரை துல்லியம். இதற்கு மேல் போகவே முடியாது. (x² − 1/3)² என்ற நாற்படியைப் பாருங்கள். நம் இரண்டு புள்ளியிலும் பூஜ்யம், ஆனால் தொகையீடு 8/45. n புள்ளி எங்கே வைத்தாலும் இப்படி ஒரு வர்க்கத்தைக் கட்டி ஏமாற்றிவிடலாம்.

இனி தகடு. தடிமனின் நடுவில் z = 0, மேற்பரப்பில் z = 1, கீழ்ப்பரப்பில் −1 என்று வைப்போம். தகட்டை வளைத்தால் மேல் பக்கம் இழுபடும், கீழ்ப் பக்கம் அமுங்கும். மீட்சி எல்லைக்குள் தகைவு z-க்கு நேர்விகிதம். வளைக்கத் தேவையான திருப்புத்திறன் என்பது தகைவு × z-இன் தொகையீடு, அதாவது z²-இன் தொகையீடு. இருபடி! இரண்டு காஸ் புள்ளியில் துளி பிசகில்லாமல் 2/3 வந்துவிடும். `NIP` 2 என்று வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை. லட்சக்கணக்கான சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு புள்ளியிலும், ஒவ்வொரு நேரப்படியிலும் உலோகத்தின் நிலையைக் கணக்கிட வேண்டும். ஒரு புள்ளி குறைந்தாலும் லாபம்.

ஆனால் டை செய்யும் வேலையே தகட்டை மீட்சி எல்லை தாண்டி வளைப்பதுதான். ஒரு எளிய உருவம் எடுத்துக்கொள்வோம்: தகைவு ஓர் அளவு வரை ஏறும், அதை 1 என்போம், அதற்குமேல் ஏறாமல் சமமாக நிற்கும். முதல் நெளிவு தொடங்கும் வளைவைப் போல் இரண்டு மடங்கு வளைத்தால், |z| < 0.5 உள்ள நடுப்பகுதி மட்டும் மீட்சியில் இருக்கும், வெளிப்பகுதி எல்லாம் 1-இல் நிற்கும். இதன் திருப்புத்திறனைக் கையாலேயே போடலாம்: 1 − 0.25/3 = 0.9167. காஸ் புள்ளிகள் என்ன சொல்கின்றன?

```python
import numpy as np
c = 0.5
for n in (2, 3, 5, 7):
    z, w = np.polynomial.legendre.leggauss(n)
    s = np.clip(z / c, -1, 1)
    print(n, round((w * s * z).sum(), 4))
```

```
2 1.1547
3 0.8607
5 0.9449
7 0.9122
```

இரண்டு புள்ளி 26 சதவீதம் கூடுதலாகச் சொல்கிறது. ஐந்து புள்ளிகூட 3 சதவீதம் தள்ளி நிற்கிறது. மேலே, கீழே, மேலே, கீழே என்று ஆடி ஆடித்தான் உண்மையை நெருங்குகிறது.

'3 சதவீதம்தானே' என்று விட முடியாது, காரணம் ஸ்பிரிங் பேக். பிடியை விட்டதும் தகடு நிமிரும் அளவு இந்தத் திருப்புத்திறனுக்கு நேர்விகிதம். மிஞ்சுவது வளைத்ததிலிருந்து நிமிர்ந்ததைக் கழித்த வித்தியாசம். அருகருகே உள்ள இரண்டு எண்களைக் கழித்தால் பிழை பெருத்துவிடும். உதாரணத்துக்கு 0.8 மி.மீ. எஃகுத் தகடு, நெளியும் தகைவு 250 மெகாபாஸ்கல், யங் குணகம் 210 கிகாபாஸ்கல் என்று வைப்போம். இது சுமார் 336 மி.மீ. ஆரத்தில் நெளியத் தொடங்கும். அதை இருமடங்காக, 168 மி.மீ. ஆரத்துக்கு வளைத்துவிட்டு விட்டால், சரியான கணக்குப்படி 538 மி.மீ. ஆரத்தில் போய் நிற்கும். ஐந்து புள்ளிக் கணக்கு 577 என்கிறது, ஏழு புள்ளிக் கணக்கு 532. இரண்டு புள்ளிக் கணக்கு 1254 மி.மீ.! கிட்டத்தட்டத் தட்டையான தகடு. (நிஜத்தில் எஃகு நெளிந்த பிறகும் கொஞ்சம் இறுகும், டையில் தகட்டை இழுத்துப் பிடிப்பதும் உண்டு. எண்கள் மாறும், குணம் மாறாது.)

எங்கே உடைந்தது? வகுத்தலில். f ஒரு முப்படிக் கோவை என்று சொல்லித்தான் வகுத்தோம். இப்போது தகைவின் கோட்டில் z = 0.5-இல் ஒரு முறிவு விழுந்துவிட்டது, அது எந்தப் படியிலும் கோவை இல்லை. இரண்டு புள்ளி வழி இன்னும் ஒரு விதத்தில் குருடு: அது 0.577-இல் உட்கார்ந்திருக்கிறது, நெளிவோ மேற்பரப்பில் தொடங்குகிறது. வளைவு √3 மடங்கு ஏறி நெளிவு 0.577-க்கு இறங்கி வரும்வரை, தகடு முழுக்க மீட்சியில் இருப்பதாகவே அது நம்பிக்கொண்டிருக்கும். முனைகளையும் சேர்த்துக்கொள்ளும் லோபாட்டோ விதியைச் சிலர் இதற்காகவே விரும்புகிறார்கள். ஆனால் முனைகளை முன்கூட்டியே பிடித்து வைப்பதால் அதன் துல்லியம் 2n − 3 படியோடு நின்றுவிடும். மூன்று புள்ளி லோபாட்டோ என்பது நம்ம பழைய சிம்ப்சன் விதியேதான். அது நெளிவு தொடங்கியதை உடனே கண்டுகொள்ளும், ஆனால் நம் உதாரணத்தில் திருப்புத்திறனை 0.667 என்று 27 சதவீதம் குறைவாகச் சொல்லும். ஆக அதுவும் தனியாக மருந்து இல்லை.

முறிவு எங்கே என்று தெரிந்தால் வேலை சுலபம். மேல் பாதியை 0.5-இல் இரண்டாக வெட்டுங்கள். 0 முதல் 0.5 வரை உள்ளது இருபடி, இரண்டு காஸ் புள்ளி போதும், விடை 0.0833. 0.5 முதல் 1 வரை நேர்கோடு, நடுவில் ஒரே ஒரு புள்ளி: 0.75 × 0.5 = 0.375. கூட்டி இரண்டால் பெருக்கினால் 0.9167. பாதிக்கு மூன்றே மதிப்பில் துல்லியம். ஏழு புள்ளியாலும் முடியாதது.

பிறகு ஏன் மென்பொருள்கள் இப்படி வெட்டுவதில்லை? முறிவு ஒரே இடத்தில் நிற்பதில்லை. டை இறங்க இறங்க அது உள்ளே நகர்கிறது, கட்டத்துக்குக் கட்டம் வேறு இடம். அதோடு ஒவ்வொரு புள்ளியும் தன் வரலாற்றைச் சுமக்கிறது. இதுவரை எவ்வளவு நெளிந்தோம் என்பது அந்த இடத்து உலோகத்தின் நினைவு. புள்ளியை நகர்த்தினால் அந்த நினைவைப் பக்கத்திலிருந்து ஊகித்து நிரப்ப வேண்டும், அதில் புதுப் பிழை நுழையும். ஆகவே புள்ளிகளை ஆரம்பத்திலேயே ஆணியடித்துவிட்டு எண்ணிக்கையை மட்டும் கூட்டுகிறார்கள்.

கணக்கு போதுமா என்று தெரிந்துகொள்ள, அதே மாதிரியை 5, 7, 9 என்று ஓட்டிக் கடைசி வடிவத்தை ஒப்பிடுவதே வழி. 5-உம் 7-உம் ஒத்துப்போனால் மட்டும் நம்பிவிடாதீர்கள். பிழை மேலும் கீழும் ஆடுவதால், குறிப்பிட்ட ஒரு வளைவில் தற்செயலாகச் சரியான விடை விழும். மேலே உள்ள நிரலில் `c`-ஐ 0.3, 0.4, 0.6 என்று மாற்றிப் பாருங்கள், பிழை இடம் மாறுவது கண்ணுக்கே தெரியும். ஐந்து புள்ளியில் இன்னொன்றும் தெரியும்: `c` 0.538-க்குக் கீழே போனதும் விடை 0.9449-இலேயே நின்றுவிடும். உண்மையான மதிப்பு 1-ஐ நோக்கி ஏறிக்கொண்டிருக்கும்.