காபி மேல் விழுந்த பழி

கோவைப் பக்கத்து நூற்பாலை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இரவு ஷிப்டில் வேலை பார்க்கும் 48 வயதுக்காரர், தூக்கம் விரட்ட விடியும்வரை காபி குடிப்பார். சில நாட்களாக நெஞ்சில் ஓர் இறுக்கம். காபி செய்கிற வேலை என்று ஜெலுசில் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். வெறும் வயிற்றில் காபி குடித்தால் சிலருக்கு நெஞ்சு எரியும். அதனால் அவர் சொன்னதை யாரும் மறுக்கவில்லை.

பக்கத்து மெஷின் தம்பிதான் கவனித்தான். "காபி குடிக்கறப்ப வர்றதில்லையேண்ணா. நூல் வண்டியைத் தள்ளுறப்பத்தான் நெஞ்சப் பிடிக்கறீங்க. உக்காந்தா சரியாயிருது."

அவன் பிடித்தது சரியான நுனி. வண்டி தள்ளும்போது இதயத்துக்குக் கூடுதல் ரத்தம் வேண்டும். ரத்தக்குழாய் சுருங்கியிருந்தால் அது போய்ச் சேராது, நெஞ்சு இறுகும். உட்கார்ந்தால் தேவை குறைந்து, சில நிமிடங்களில் இறுக்கம் விடும். அமிலத்தால் வரும் எரிச்சல் பெரும்பாலும் சாப்பாட்டையும் படுக்கையையும் ஒட்டி வரும்.

அன்று இரவு உட்கார்ந்த பிறகும் இறுக்கம் விடவில்லை. குமட்டல், சட்டை நனைய வியர்வை. இதயத்தின் கீழ்ச்சுவர் உதரவிதானத்தின் மேல் அமர்ந்திருக்கிறது; அங்கே ரத்தம் தடைபட்டால் வயிற்றுக் கோளாறு போலவே தோன்றும். "பைக்லயே போயிடறேன்" என்றவரிடமிருந்து தம்பி சாவியை வாங்கிக்கொண்டு 108-ஐ அழைத்தான். இதைப் பிடிவாதம் என்று சொல்ல மாட்டேன். வழியில் இதயத்துடிப்பு தாறுமாறானால் காப்பாற்ற ஆம்புலன்ஸில் ஆள் உண்டு, பைக்கில் யாரும் இல்லை.

அரசு மருத்துவமனையில் உடனே ஈசிஜி எடுத்தார்கள். நெஞ்சுவலியோடு வருபவருக்கு 10 நிமிடங்களுக்குள் எடுக்க வேண்டும் என்பது விதி. அது இயல்பாக இருந்தது. "பாத்தியா, காபிதான்" என்று எழுந்தார் அண்ணன்.

டாக்டர் விடவில்லை. ஈசிஜி அந்தச் சில விநாடிகளின் மின்னோட்டத்தை மட்டுமே பதிகிறது. அடைப்பு முற்றிக்கொண்டிருக்கும் வேளையில் முதல் தாள் சுத்தமாக இருக்கலாம். காயப்பட்ட இதயத்தசை ரத்தத்தில் விடும் டிரோபோனின் தெரியவும் சில மணி நேரம் ஆகலாம். வலி இருக்கும்வரை ஈசிஜியைத் திரும்பத் திரும்ப எடுப்பது இதற்காகத்தான். சுமார் 20 நிமிடம் கழித்து எடுத்த தாளில், கீழ்ச்சுவரைக் காட்டும் II, III, aVF என்ற மூன்று வரிகளிலும் கோடு மேலே ஏறியிருந்தது. மாரடைப்பு.

ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொன்னார்கள். குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளும் தந்தார்கள். 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் இந்த மூன்றின் முதல் தவணை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கிடைக்கிறது. பிறகு அடைப்பைத் திறக்க ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

வார்டில் அவர் டாக்டரிடம் முதலில் கேட்டது, இனி காபி குடிக்கலாமா என்பதுதான். அளவோடு குடிக்கலாம் என்றார் டாக்டர். விடச் சொன்னது பீடியை.