சீட்டில் 'சோப்பு 3' என்றால் எந்த சோப்பு?

சீட்டைப் படம் பிடித்து, "இதையெல்லாம் ஆர்டர் போட்டுடுப்பா" என்று அம்மா அனுப்புகிறார்: 'து.ப 1, ந.எ ½, சோப்பு 3'. முதலில் பழைய ஆர்டர்களைப் பாருங்கள். வழக்கமான பிராண்டும் பாக்கெட் அளவும் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும். துவரம்பருப்பு ஒரு கிலோ, நல்லெண்ணெய் அரை லிட்டர் என்பது அதிலேயே உறுதியாகிவிடும்.

சிக்கல் சோப்பில்தான். குளிக்கவா, துணி துவைக்கவா? சீட்டின் வரிசை துப்பு தரும். பினாயிலுக்கும் துடைப்பத்துக்கும் நடுவே எழுதியிருந்தால் துணி சோப்பாக இருக்கலாம். ஆனால் 3 என்பது தனிக்கட்டியா, நான்கு கட்டிகள் சேர்ந்த பாக்கெட்டா? தவறினால் பன்னிரண்டு கட்டி வந்து இறங்கும். எண்ணிக்கையை ஊகிக்காதீர்கள். "துணி சோப்புதானேம்மா, மூணு கட்டி போதுமா?" என்று கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள்.